ஒரு கடைவீட்டில் நான்கு கருவிகள்

ஜார்ஜ்டவுன் நகரின் பழைய கடைவீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் கொண்டவை. முகப்பின் அகலம் ஆறு அல்லது ஏழு மீட்டர்தான் இருக்கும். உள்ளே சென்றாலோ, 30 மீட்டர் அல்லது அதற்கும் மேல் நீண்டு செல்லும். முன்னால் கடை, நடுவில் திறந்த முற்றம், பின்னால் சமையலறை, மாடியில் படுக்கையறைகள் என்று அமைந்திருக்கும். சுவர்கள் தடித்த செங்கல் சுவர்கள்.

இத்தகைய கடைவீடு ஒன்றில் முதன்முறையாக அகன்ற அலைவரிசை இணையச் சேவை பொருத்தப்படுவதாக எண்ணிக்கொள்வோம். அஞ்சடி எனப்படும் நடைபாதையின் பக்கமாகக் கம்பி உள்ளே வருகிறது. அதனால், கருவி கடையின் முன்சுவரில் மாட்டப்படுகிறது. கல்லாப்பெட்டி அருகே காணொளி தடையின்றி ஓடுகிறது. சமையலறையிலோ பாதியிலேயே நின்றுவிடுகிறது. இன்னும் வேகமான சேவைக்கு மாறினால் இக்குறை தீருமா? இதற்கு விடை காண, அந்தப் பெட்டி என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

முதல் வேலை மோடத்தினுடையது. வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வீட்டுக் கருவிகளுக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுவதும், வீட்டிலிருந்து செல்வதை மறுபடியும் வெளிக்கம்பிக்கு ஏற்றவாறு மாற்றுவதும் இதன் பணி. முன்பு இணையம் செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாக வீடுகளுக்கு வந்தது. டெலிகாம் மலேசியா நிறுவனம் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யூனிஃபை சேவையைத் தொடங்கிய பின், தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை வீடுகளை எட்டத் தொடங்கியது. இந்த இழையில் மின்சாரம் பாய்வதில்லை, ஒளி பாய்கிறது. ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் சிறு பெட்டியையே இன்று நாம் இழை மோடம் என்கிறோம். மோடத்துக்கு வீட்டில் எத்தனை கருவிகள் உள்ளன என்பது தெரியாது. அது வெறும் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே.

இரண்டாவது வேலை திசைவியினுடையது. ஆங்கிலத்தில் இதனை ரவுட்டர் என்பர். பொதுவாக, சேவை நிறுவனம் ஒரு வீட்டுக்கு ஒரே ஓர் இணைய முகவரியைத்தான் வழங்கும். வீட்டிலோ கைப்பேசிகள், மடிக்கணினி, தொலைக்காட்சி எனப் பல கருவிகள் இருக்கின்றன. திசைவி இவை ஒவ்வொன்றுக்கும் 192.168.1.5 என்பது போன்ற ஓர் உள்முகவரியைக் கொடுக்கிறது. அக்காள் மடிக்கணினியில் ஒரு பக்கத்தைக் கேட்கிறாள். அதே நொடியில் தம்பி கைப்பேசியில் ஒரு பாடலைக் கேட்கிறான். இரு வேண்டுகோள்களும் ஒரே வீட்டு முகவரியிலிருந்துதான் வெளியே செல்கின்றன. எந்த வேண்டுகோள் யாருடையது என்பதைத் திசைவி குறித்து வைத்துக்கொள்கிறது. பதில் திரும்பி வரும்போது, பக்கத்தை அக்காளுக்கும் பாடலைத் தம்பிக்கும் பிரித்து அனுப்புகிறது.

மூன்றாவது வேலை சுவிட்சினுடையது. இது விளக்கைப் போடும் சுவிட்ச் அன்று. கம்பிவழிக் கருவிகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் சந்திப்பு இது. பெட்டியின் பின்புறம் LAN என்று எழுதப்பட்ட துளைகள் இருக்கின்றன அல்லவா? அவைதாம் சுவிட்சின் வாயில்கள். கடைக் கணினி அச்சுப்பொறிக்கு ஒரு பற்றுச்சீட்டை அனுப்பினால், அது வெளி இணையத்துக்குச் செல்வதில்லை. எந்த வாயிலில் அச்சுப்பொறி உள்ளது என்பதை அறிந்து, சுவிட்ச் அங்கேயே நேராக அனுப்பிவிடுகிறது. துளைகள் போதவில்லை என்றால், தனி சுவிட்ச் ஒன்றை வாங்கிக் கூடுதலாக இணைத்துக்கொள்ளலாம். அது முகவரி எதையும் வழங்காது. வாயில்களை மட்டுமே பெருக்கும்.

நான்காவது வேலை அணுகுமுனையினுடையது. அக்சஸ் பாயிண்ட் எனப்படும் இது, கம்பியில் வருவதை வானொலி அலையாக மாற்றிப் பரப்புகிறது. நாம் வைஃபை என்று சொல்வது இந்த அலையைத்தான். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் இயங்கும். முதலாவது மெதுவானது, ஆனால், சுவர்களை ஓரளவு கடந்து செல்லும். இரண்டாவது வேகமானது, ஆனால், செங்கல் சுவரில் விரைவில் வலுவிழந்துவிடும்.

வீடுகளில் பெரும்பாலும் திசைவி, சுவிட்ச், அணுகுமுனை ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். சில பெட்டிகளில் மோடமும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் பலரும் எல்லாவற்றையும் ‘மோடம்’ என்றே அழைக்கின்றனர்.

இப்போது சமையலறைக்குத் திரும்புவோம். கல்லாப்பெட்டி அருகே இணையம் நன்றாக இயங்குகிறது. ஆகவே மோடம், திசைவி ஆகியவற்றில் குறை இல்லை. சுவர்களைத் தாண்ட முடியாமல் தவிப்பது அணுகுமுனையின் அலை மட்டுமே. வேகமான சேவைக்கு மாறினாலும் சுவரின் தடிப்பு குறையப்போவதில்லை. சரியான தீர்வு இதுதான்: முன்கடையின் LAN துளையிலிருந்து ஒரு கம்பியை முற்றத்தின் ஓரமாகப் பின்பகுதிக்குக் கொண்டுசென்று, அங்கே இன்னோர் அணுகுமுனையைப் பொருத்த வேண்டும். இத்தகைய கம்பி 100 மீட்டர் வரை செல்லலாம் என்பதால், கடைவீட்டின் நீளம் ஒரு தடையன்று.

சிலர் பழைய திசைவி ஒன்றை அணுகுமுனையாகப் பயன்படுத்துவர். அவ்வாறு செய்யலாம். ஆனால், அதன் அமைப்புப் பக்கத்தில் DHCP என்பதை நிறுத்த வேண்டும். அதன் சொந்த முகவரி முதல் திசைவியின் முகவரியோடு மோதாதபடி மாற்ற வேண்டும். கம்பியை WAN துளையில் செருகாமல் LAN துளையில் செருக வேண்டும். DHCP என்பது முகவரி வழங்கும் வேலை. அதை நிறுத்த மறந்தால், ஒரே வீட்டில் இருவர் முகவரி கொடுப்பார்கள். பழைய பெட்டியிடம் முகவரி வாங்கிய கைப்பேசி, தன் வேண்டுகோளையும் அதனிடமே கொடுக்கும். அதற்கோ வெளியே செல்லும் வழி தெரியாது. வைஃபை குறி முழுமையாகத் தெரியும்; ஆனால், எந்தப் பக்கமும் திறக்காது. முதல் திசைவியிடம் முகவரி வாங்கிய கருவி மட்டும் ஒழுங்காக இயங்கும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. வைஃபை குறி, கைப்பேசிக்கும் அணுகுமுனைக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகிறது. இணையம் இருக்கிறதா என்பதைக் காட்டுவதில்லை. எனவே, இணையம் நின்றுபோனால் வெளியிலிருந்து உள்நோக்கி, வரிசையாகச் சோதிப்பது நல்லது.

முதலில் மோடத்தைப் பாருங்கள். LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை எங்கேனும் மடங்கி அல்லது நசுங்கி இருக்கலாம். மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். இழையைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. சேவை நிறுவனத்தை அழைப்பதே முறை. அந்த விளக்கு எரியவில்லை என்றால், மடிக்கணினியைக் கம்பி மூலம் திசைவியோடு இணையுங்கள். கம்பியில் இணையம் வேகமாக வந்து, வைஃபையில் மட்டும் மெதுவாக இருந்தால், குறை அணுகுமுனையில் அல்லது அது இருக்கும் இடத்தில் உள்ளது. ஒரு துளையில் வராதது பக்கத்துத் துளையில் வந்தால், சுவிட்சின் அந்த வாயில் பழுதாகியிருக்கும். எந்தத் துளையிலும் வரவில்லை என்றால், திசைவியை ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பாருங்கள். அதன் பிறகும் வராவிட்டால், குறை திசைவியின் அமைப்பில் அல்லது நிறுவனத்தின் பக்கம் இருக்கும். இந்த விவரங்களைச் சொல்லி அழைத்தால், எதைப் பழுதுபார்க்க வர வேண்டும் என்பது தொழில்நுட்பருக்கு முன்கூட்டியே தெரியும்.