அமெரிக்கப் படிப்பும் இரண்டு உபகாரச் சம்பளங்களும்

கடைக் கணக்கில் பழகிய நாம் வரவைத்தான் பார்ப்போம். அமெரிக்காவில் உபகாரச் சம்பளத்துக்குச் செலவைப் பார்த்தே வரி. பல்கலைக்கழகம் நம் பிள்ளைக்கு 50,000 டாலர் தருவதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் 40,000 டாலருக்கு வரியில்லை. விடுதிக்கும் உணவுக்கும் போகும் 10,000 டாலருக்கு உண்டு. மாணவர் விசாவில் முதல் ஐந்தாண்டுகளில் பொதுவாக 14 விழுக்காடு, அதாவது 1,400 டாலரைப் பல்கலைக்கழகமே பிடித்துக்கொள்ளும்.

இங்குள்ள சங்கமொன்று மேலும் 3,000 டாலர் கொடுத்தால்? கொடுப்பவர் அந்நாட்டார் அல்லர். ஆகவே அக்காலத்தில் அங்கே அதற்கு வரியில்லை. ஆனால் வரியில்லை என்பதால் சொல்லாமல் விடுவது தவறு. உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மொத்தம் படிப்புச் செலவை மிஞ்சினால் பல்கலைக்கழகம் தன் பங்கைக் குறைக்கலாம். பின்னர் தெரியவந்தால் கொடுத்ததையே திருப்பிக் கேட்கலாம். குறைப்பது கடனையா, இலவசத் தொகையையா என்பதைச் சங்கப் பணத்தை வாங்குமுன் கேட்டு, பதிலைக் கடிதமாகப் பெற்று வைப்போம்.