செவ்வெறும்பு கடித்தால் சமையல் சோடா உதவுமா?

மாணவர்களே, சென்ற ஆண்டு எங்கள் பள்ளித் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெண்டைப் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்த படிவம் இரண்டு மாணவன் ஒருவன் திடீரெனக் காலை உதறிக்கொண்டு ஓடிவந்தான். காலணி அணியாமல் சிலிப்பர் போட்டிருந்தான். அவன் வலது பாதத்தில் 11 இடங்கள் சிவந்திருந்தன. “டீச்சர், எறும்புக் கடி அமிலம்தானே? சமையல் சோடா தடவினால் சரியாகிவிடும்,” என்றான் அவன் நண்பன். அமிலமும் காரமும் பாடத்தில் நான் சொன்னதைத்தான் அவன் நினைவில் வைத்திருந்தான். ஆனால், அந்த விடை இந்த எறும்புக்குப் பொருந்தாது.

நம் தோட்டங்களில் சிவப்பாகத் தெரியும் எறும்புகளில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று மரத்தில் வாழும் முசுறு, மலாயில் கெரெங்கா. மா, ரம்புத்தான் மரங்களில் உயிருள்ள இலைகளைப் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும். இதற்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்து, அந்தக் காயத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். பாடநூல் சொல்லும் அமிலம் இதுதான்.

மற்றொன்று மண்ணில் வாழும் நெருப்பெறும்பு. முசுறைவிடச் சிறியது. இதன் அறிவியல் பெயர் சொலெனாப்சிஸ் ஜெமினாட்டா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து கப்பல்கள் வழியாக ஆசியாவுக்கு வந்த இனம் இது. ஒரே கூட்டில் சிறியதும் பெரியதுமாக வேலைக்கார எறும்புகள் இருக்கும். பெரியவற்றின் தலை உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பருத்திருக்கும். விதைகளை உடைக்க அந்தத் தாடைத் தசை தேவை.

இதன் கூட்டை எங்கே தேடுவது? நிழலில் அல்ல, வெயில் படும் திறந்த இடத்தில். புல்தரை, பாத்தியின் ஓரம், செடியின் அடிப்பகுதி, சிமெண்டு நடைபாதையின் விளிம்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். சலித்ததுபோன்ற பொலபொலப்பான மண் குவிந்திருக்கும். நடுவே புல் முளைத்திருக்கலாம். ஐயம் இருந்தால் நீளமான குச்சியால் மண்ணை இலேசாகக் கிளறிவிட்டு உடனே விலகி நில்லுங்கள். சில நொடிகளில் எறும்புகள் கூட்டமாக வெளியேறிக் குச்சியில் ஏறினால், அங்கே கை வைக்காதீர்கள்.

நெருப்பெறும்பு தாடையால் தோலைக் கவ்விக்கொள்கிறது. பிறகு வயிற்றை வளைத்துக் கொடுக்கால் குத்துகிறது. கவ்விய பிடியை விடாமல் உடலைத் திருப்பித் திருப்பி மீண்டும் குத்தும். அதனால்தான் ஓர் எறும்பே பல தடிப்புகளை உண்டாக்க முடிகிறது. அது செலுத்தும் நஞ்சில் பெரும்பகுதி அல்கலாய்டு என்னும் காரத்தன்மையுள்ள சேர்மங்கள். நெருப்புப் பட்டதுபோல் எரிவதற்குக் காரணம் அவைதான். மிகச் சிறிய அளவில் புரதங்களும் உண்டு. சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுபவை அந்தப் புரதங்கள்.

அப்படியானால் சோடாவுக்குப் பதிலாகப் புளிக்காடி ஊற்றலாமா? அதுவும் பயன் தராது. நஞ்சு தோலுக்குள் செலுத்தப்பட்டுவிட்டது. மேலே தடவுவது அதைச் சென்று நடுநிலையாக்காது.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் அவனைக் கூட்டிலிருந்து தள்ளி அழைத்துச் சென்றோம். ஒட்டியிருந்த எறும்புகளைத் துணியால் வேகமாகத் துடைத்தெடுத்தோம். தாடையால் கவ்வியிருப்பதால் தண்ணீர் ஊற்றினால் மட்டும் அவை விழுவதில்லை. பிறகு சவர்க்காரமும் நீரும் கொண்டு பாதத்தைக் கழுவினோம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தோம். இந்த எறும்பு தேனீயைப்போல் கொடுக்கைத் தோலில் விட்டுச் செல்வதில்லை. எனவே எதையும் பிடுங்கத் தேவையில்லை.

அடுத்த அரை மணி நேரம் அவனைத் தனியே விடவில்லை. பாதம் வீங்குவதைப் பற்றி நான் அவ்வளவாக அஞ்சவில்லை. கடிபடாத இடங்களிலும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் வருகிறதா என்றுதான் கவனித்தேன். அவை கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். கண்டால் காத்திராமல் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைக்க வேண்டும். நோயாளியை நடக்க விடாமல் படுக்க வைக்க வேண்டும்; மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம். முன்பு கடித்தபோது ஒன்றும் ஆகவில்லை என்பது இம்முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

அவனுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. எரிச்சல் அன்றே தணிந்தது. அரிப்பு சில நாள் நீடித்தது. அதற்கு மருந்தாளர் ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரை கொடுத்தார். சிறு கொப்புளம் வந்தால் உடைக்காதே, சொறியாதே என்றோம். உடைந்தால் கிருமி நுழையும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்குச் செல்ல வேண்டும்.

மறுவாரம் அதே மாணவன்தான் குச்சியோடு பாத்தியைச் சுற்றி வந்து இரண்டு கூடுகளைக் கண்டுபிடித்தான். இம்முறை காலணி போட்டிருந்தான்.