என் இயைபுப் பெட்டி

மாணவர்களே, பாட்டில் ஒரு வரியின் முடிவும் அடுத்த வரியின் முடிவும் ஒரே ஓசையில் வந்தால் கேட்க இனிமையாக இருக்கும். அடிகளின் கடைசியில் எழுத்தோ அசையோ சொல்லோ இப்படி ஒன்றி வருவதை இயைபு என்கிறோம். கிளி, துளி என்பவை இயைபுச் சொற்கள். இந்தப் பாடத்தில் அத்தகைய சொற்களை ஒரு குறிப்பேட்டில் சேர்க்கப் போகிறோம். அதற்கு இயைபுப் பெட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

1. சும்மா கிடைக்கும் ஓசை

இந்த வரிகளை உரக்கப் படியுங்கள்.

தம்பி எழுந்தான்
பல் துலக்கினான்
பால் குடித்தான்
பள்ளி சென்றான்

நான்கு வரியும் "ஆன்" என்று முடிகின்றன. ஆனாலும் இது பாட்டுப் போல இல்லை, ஒரு பட்டியல் போல இருக்கிறது. ஏன்?

தம்பியை எடுத்துவிட்டுத் தங்கையைப் போட்டுப் பாருங்கள். எழுந்தாள், துலக்கினாள், குடித்தாள், சென்றாள். இப்போதும் எல்லாம் ஒன்றாகவே முடிகின்றன! இந்த ஓசையை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அதை இலக்கணம் தந்துவிட்டது. தமிழில் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வினைச்சொல் வரும். ஒரே ஆளைப் பற்றிப் பேசினால் அந்த வினைகளின் வாலும் ஒன்றாகவே இருக்கும். அதனால் கேட்பவர் காதுக்கு அதில் புதுமை இல்லை.

ஆகவே பெட்டியில் ஒரு சொல்லைப் போடும் முன் அதன் வாலை வெட்டிப் பாருங்கள். எழுந்தான், துலக்கினான் என்பவற்றில் வாலை வெட்டினால் எழு, துலக்கு என்று நிற்கும். இவை ஒத்துப்போகவில்லை. படித்தான், நடித்தான் என்பவற்றில் வெட்டினால் படி, நடி என்று நிற்கும். இவை ஒத்துப்போகின்றன. வால் போன பிறகும் ஒலிக்கும் சொற்களே பெட்டிக்குள் போகட்டும்.

2. ஒரு பக்கம் நிரப்புவோம்

குறிப்பேட்டில் ஒரு பக்கத்தின் மேலே "ளி" என்று எழுதுங்கள். இப்போது அதன் முன்னால் குறில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்துச் சொல்லிப் பாருங்கள். அளி, இளி, ஒளி, களி, கிளி, குளி, துளி, தெளி, நெளி, புளி, வெளி. பொருள் தெரிந்த சொற்களை மட்டும் எழுதுங்கள். தெரியாத சொல்லை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு எட்டுச் சொற்கள் போதும்.

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் பெயர்ச்சொற்கள்: ஒளி, கிளி, துளி, புளி, வெளி. வலப்பக்கம் வினைச்சொற்கள்: குளி, தெளி, நெளி. இந்தக் கோடு ஏன் வேண்டும் என்பது நாம் பாட்டு எழுதும்போது தெரியும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் ஒரு சிறு தொடர் எழுதி வையுங்கள். ஒரு துளி தேன். நிலவின் ஒளி. பாம்பு நெளிந்தது. பிறகு அந்தச் சொல்லை எடுக்கும்போது, அது எப்படிப் பழகும் என்பதும் கூடவே வரும்.

"லி" என்பதற்கும் "ழி" என்பதற்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள். எலி, புலி, வலி, ஒலி ஒரு பக்கம். வழி, விழி, மொழி, குழி இன்னொரு பக்கம். நம்மில் பலருக்கு இந்த மூன்று எழுத்தும் நாக்கில் ஒன்றாகவே வந்துவிடும். ஆனால் ஒலி காதால் கேட்பது, ஒளி கண்ணால் பார்ப்பது. புளிக்குழம்பை யாரும் புலிக்குழம்பு ஆக்கிவிடக் கூடாது! மூன்று பக்கங்களையும் மாற்றி மாற்றி உரக்கப் படித்தால் நாக்குக்கும் பயிற்சி கிடைக்கும்.

முதல் எழுத்து நெடிலாக இருந்தால் அதற்கும் வேறு பக்கம். காலி, வேலி, கேலி, கூலி ஆகியவை ஒன்றோடொன்று நன்றாகச் சேரும். புலியும் வேலியும் அவ்வளவு நன்றாகச் சேராது. சொல்லிப் பாருங்கள், காதே காட்டிக்கொடுக்கும்.

3. எழுதும் தமிழும் பேசும் தமிழும்

ஒன்று, இன்று. எழுதும்போது இவை ஒரே ஓசையில் முடிகின்றன. வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? "ஒண்ணு", "இன்னைக்கு". இயைபு போய்விட்டது!

மாறாகவும் நடக்கும். கண், மண், பெண், ஒன்று என்னும் நான்கையும் பேச்சில் சொல்லுங்கள். கண்ணு, மண்ணு, பொண்ணு, ஒண்ணு. எழுத்தில் சேராத "ஒன்று" பேச்சில் வந்து சேர்ந்துகொள்கிறது.

அதனால் எழுத்துத் தமிழ்ச் சொற்களை நீல நிறத்திலும் பேச்சுத் தமிழ்ச் சொற்களைச் சிவப்பு நிறத்திலும் எழுதுங்கள். உங்கள் வீட்டில் வேறு மாதிரிப் பேசினால் அதையே எழுதுங்கள். ஒரு பாட்டில் ஒரு நிறத்தையே பயன்படுத்துங்கள். பாட்டுக்குள் யாராவது பேசினால் மட்டும் சிவப்புச் சொல் நடுவில் வரலாம்.

4. பாட்டிக்கு ஒரு பாட்டு

இப்போது பெட்டியைத் திறந்து ஒரு பாட்டு எழுதுவோம். உங்கள் ஊரில் இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி கொட்டியிருக்கிறது. ஊரில் இருக்கும் பாட்டி அப்படிப்பட்ட பனியைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழி மாதத்தில் புல்நுனியில் நிற்கும் பனித்துளிதான். நீங்கள் தொலைபேசியில் பாடுவதை வைத்துத்தான் அவர் அந்தக் காலையைக் கற்பனை செய்ய வேண்டும்.

"ளி" பக்கத்தைத் திறந்து, சொற்களை வரிசையாக எடுத்து வைத்தால் இப்படி வரும்.

விடிந்தது காலை, பரவியது ஒளி
வீட்டின் முன்னே வெள்ளை வெளி
பறந்து வந்தது பச்சைக் கிளி
பார்த்ததும் நானும் போட்டேன் குளி

பாட்டி என்ன கேட்பார்? "ஏன் கண்ணு, அந்தக் குளிர்லயும் உங்க ஊர்ல கிளி பறக்குதா?"

கிளி உங்கள் வீட்டு முன்னால் வரவில்லை, பெட்டியிலிருந்துதான் வந்தது. லண்டன் பூங்காக்களில் குளிர்காலத்திலும் பச்சைக் கிளிகளைப் பார்க்கலாம். நீங்கள் அங்கே இருந்து, அன்று ஒரு கிளியை உண்மையாகவே பார்த்திருந்தால் எழுதலாம். பார்க்காத கிளியை எழுதினால் பாட்டியின் மனத்தில் தவறான படம் விழும்.

கடைசி வரியில் வேறொரு சிக்கல். "குளி" என்பது வினைச்சொல். "போய்க் குளி" என்று சொல்லலாம். "குளி போட்டேன்" என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்தின் நடுவில் போட்ட கோட்டைப் பார்த்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. நான்கு வரியும் "ளி" என்று முடிவதால், மூன்றாவது வரிக்கு வரும்போதே காது அடுத்த "ளி"க்குக் காத்திருக்கிறது. பாட்டு இயந்திரம் போல ஓடுகிறது.

இப்போது பெட்டியை மூடி வையுங்கள். பாட்டியிடம் சொல்ல வேண்டியதை முதலில் வெறும் பேச்சில் சொல்லுங்கள்.

"பாட்டி, காலைல முழிச்சுப் பார்த்தேன். வீட்டு முன்னாடி எல்லாம் ஒரே வெள்ளை. யாரும் இன்னும் நடக்கல, ஒரு கால் தடம்கூட இல்ல. வெயில் பட்டதும் கண்ணு கூசுச்சு."

இதுதான் விஷயம். இனிப் பெட்டியைத் திறக்கலாம். வீட்டு முன்னால் பரந்து கிடந்த வெள்ளை இடத்துக்கு "வெளி" என்ற சொல் பொருந்துகிறது. கண்ணைக் கூசச் செய்த வெயிலுக்கு "ஒளி" பொருந்துகிறது. இரண்டு சொல் போதும். இரண்டாம் வரியையும் நான்காம் வரியையும் மட்டும் அவற்றால் முடிப்போம்.

விழித்துப் பார்த்தேன், பாட்டி, இன்று
வீட்டு முன்னே வெள்ளை வெளி;
காலடித் தடமே இல்லை, எங்கும்
கண்கள் கூசும் காலை ஒளி.

முதல் வரியும் மூன்றாம் வரியும் வேறு ஓசையில் முடிகின்றன. அதனால் "ஒளி" வந்து நிற்கும்போது காதுக்கு அது எதிர்பாராத பரிசு போல இருக்கிறது. வெளி, ஒளி இரண்டும் நீங்கள் பேச்சில் சொன்னதிலிருந்தே வந்தவை. பெட்டி அவற்றுக்குப் பொருத்தமான சொல்லைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

சில நாள் ஒரு பக்கத்தில் எந்தச் சொல்லும் பொருந்தாது. அப்போது வேறு பக்கத்தைத் திருப்புங்கள். சொல்ல வந்த விஷயத்தை மாற்றாதீர்கள்.

5. செய்து பாருங்கள்

அ) கூரை, மழை, வாழை, பிழை, ஏழை, நுழை, கோழை, அழை. இவற்றில் ஒரு சொல் "ழை" என்று முடியவில்லை. அதை நீக்குங்கள். மற்றவற்றைக் குறில் பக்கம், நெடில் பக்கம் என்று பிரியுங்கள். பிறகு எவை வினைச்சொற்களாக வரும் என்று பாருங்கள்.

ஆ) பாடினாள், ஓடினாள், சிரித்தாள், தேடினாள். இவற்றின் வாலை வெட்டுங்கள். எந்தச் சொல் தனியாக நிற்கிறது?

இ) இன்று பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்த ஒன்றை மூன்று வாக்கியங்களில் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். அதை நான்கு வரிப் பாட்டாக எழுதுங்கள். இரண்டாம் வரியும் நான்காம் வரியும் மட்டும் இயைபில் முடியட்டும். எழுதிய பின் அந்த இரண்டு கடைசிச் சொற்களுக்கும் கோடு போடுங்கள். ஒவ்வொரு சொல்லும் முதலில் நீங்கள் சொன்ன விஷயத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அது பெட்டியிலிருந்து பறந்து வந்த கிளி. அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு சொல்லைத் தேடுங்கள்.