குறையெல்லாம் இடைவெளி ஆகாது

பி.எஸ்சி. கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு மாணவன்

புதிதாகக் கடை வைக்க நினைப்பவன் முதலில் அந்தத் தெருவில் ஏற்கெனவே உள்ள கடைகளைச் சுற்றிப் பார்க்கிறான். அங்கே என்ன விற்கிறது என்பதை மட்டுமல்ல, எதைக் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதையும் பார்க்கிறான். கைப்பேசிச் செயலி செய்யப் புகுவோர்க்கும் இதுவே முதல் வேலை. அந்த வேலையை எங்கள் குழு ஒருமுறை தவறாகச் செய்து, பிறகே சரியாகக் கற்றுக்கொண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நானும் நண்பர்கள் இருவரும் பால்காரர்களுக்கான கணக்குச் செயலி ஒன்றைச் செய்ய எண்ணினோம். அதற்குக் காரணம் என் சித்தப்பா. அவர் நாள்தோறும் 48 வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார். ஒரு வீட்டுக்கு அரை லிட்டர், இன்னொரு வீட்டுக்கு ஒன்றரை லிட்டர். ஊருக்குப் போகும் வீடுகளில் இரண்டு நாள் பால் வேண்டாம் என்பார்கள். விருந்தினர் வந்த வீட்டில் கூடுதலாகக் கேட்பார்கள். மாதக் கடைசியில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கூட்டி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு இரவுகள் கழிந்துவிடும்.

நாங்கள் ஒரே மாலையில் 14 வசதிகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். வீடுகளைக் காட்டும் வரைபடம், குரலால் கணக்குச் சொல்லுதல், பண்டிகை வாழ்த்து அனுப்புதல் என்று அது நீண்டது. எங்கள் பேராசிரியை அதைப் படித்துவிட்டு, "இவற்றை யார் கேட்டார்கள்?" என்றார். யாரும் கேட்கவில்லை. "அப்படியானால் பட்டியலை மூடி வையுங்கள். இந்த வேலைக்கு ஏற்கெனவே உள்ள செயலிகளைப் பாருங்கள். அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

முதல் எண்ணிக்கை

கூகுள் பிளே கடையில் பால் கணக்குக்கென்றே உள்ள நான்கு செயலிகளைத் தேர்ந்தெடுத்தோம். அவற்றை இக்கட்டுரையில் அ, ஆ, இ, ஈ என்றே குறிப்பிடுகிறேன். ஒவ்வொன்றிலும் 60 விமர்சனங்கள், ஆக 240 விமர்சனங்களைப் படித்தோம். அவற்றில் பெரும்பாலானவை "அருமை", "மோசம்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டன. அவற்றால் எங்களுக்குப் பயனில்லை. இன்ன வேலை செய்யும்போது இன்னது நடந்தது என்று சொல்லும் விமர்சனங்கள் 109 இருந்தன. அவற்றை வகை பிரித்தோம். கைப்பேசியை மாற்றியதும் கணக்கு முழுவதும் அழிந்துவிட்டது என்றோர் 38 பேர். விளம்பரத் தொல்லை என்றோர் 24 பேர். உள்ளே நுழையவே முடியவில்லை என்றோர் 14 பேர். பால் விலையை மாற்றினால் கணக்குத் தப்பாகிறது என்றோர் 11 பேர். மற்ற 22 விமர்சனங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

"அழியாத கணக்கு" என்பதே எங்கள் செயலியின் சிறப்பு என்று முடிவு கட்டிக்கொண்டு பேராசிரியையிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தக் குறை எந்த ஆண்டுக் குறை?"

எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் தேதியைக் குறித்து வைக்கவே இல்லை. விமர்சனப் பக்கத்தைத் திறந்ததும் அது "பொருத்தமானவை" என்ற வரிசையில்தான் வருகிறது. பலர் பயனுள்ளது என்று ஒப்புக்கொண்ட பழைய விமர்சனங்கள் அதில் மேலே நிற்கக்கூடும். நாங்கள் அந்த வரிசையை மாற்றாமலேயே படித்துவிட்டோம். நட்சத்திர மதிப்பீட்டின் தன்மையோ வேறு. அந்தக் கடை 2019 முதல் அண்மைய மதிப்பீடுகளுக்கு அதிக எடை கொடுத்தே சராசரியைக் கணக்கிடுகிறது. ஆகவே, மேலே தெரியும் எண் இன்றைய நிலையைச் சொல்ல, கீழே நாம் படிக்கும் குறை பழைய கதையாக இருக்கலாம்.

இரண்டாம் எண்ணிக்கை

"புதியவை" என்ற வரிசைக்கு மாற்றி, மீண்டும் செயலிக்கு 60 வீதம் படித்தோம். இம்முறை ஒவ்வொன்றுக்கும் தேதி, நட்சத்திரம், எந்த வேலையில் தடங்கல், அதற்கு அவர் என்ன செய்துகொண்டார் என்று நான்கு கட்டங்கள் போட்டுக் குறித்தோம். எழுதியவர் பெயரைக் குறிக்கவில்லை. அது நமக்குத் தேவையுமில்லை.

இம்முறை பயன்பட்டவை 96. கணக்கு அழிந்தது என்றவர்கள் 7 பேர்தான். எழுவரும் 'இ' என்ற ஒரே செயலியைப் பயன்படுத்துவோர். மற்ற மூன்று செயலிகளும் கணக்கைச் சேமித்து மீட்கும் வசதியை இதற்கிடையில் சேர்த்துவிட்டிருந்தன. செய்தவர்கள் விமர்சனங்களுக்கு எழுதியிருந்த பதில்களிலேயே அது தெரிந்தது. நாங்கள் சிறப்பு என்று எண்ணியது, எல்லாக் கடையிலும் கிடைக்கிற சரக்காகிவிட்டது. அது இல்லாமல் செயலி செய்ய முடியாது; ஆனால் அதைச் சொல்லி ஒருவரையும் அழைக்க முடியாது.

விளம்பரக் குறை 31 ஆக உயர்ந்திருந்தது. அதையும் நாங்கள் இடைவெளியாகக் கொள்ளவில்லை. இலவசச் செயலிக்கு விளம்பரமே வருமானம். அதை எடுத்துவிடுவது எவராலும் ஆகும்; எடுத்தபின் எதைக் கொண்டு நடத்துவது என்பதே கேள்வி. உள்ளே நுழைய முடியவில்லை என்றவர்கள் 12 பேர். உதிரியானவை 27.

மிஞ்சியது விலை மாற்றம். அதைச் சொன்னவர்கள் 19 பேர். எண்ணிக்கையில் விளம்பரத்தைவிடக் குறைவு. ஆனால் அது அ, ஆ, இ ஆகிய மூன்று செயலிகளிலும் வந்தது. முதல் எண்ணிக்கையிலும் வந்தது, இப்போதும் வருகிறது. அதைவிட முக்கியமான ஒன்றை நான்காவது கட்டம் காட்டியது. பலர் அந்தக் குறைக்குத் தாங்களாகவே ஒரு மாற்றுவழி கண்டிருந்தார்கள். விலை ஏறிய நாளில் அதே வீட்டை வேறொரு பெயரில் இரண்டாவது வாடிக்கையாகப் பதிந்து, மாதக் கடைசியில் இரண்டையும் கையால் கூட்டியிருக்கிறார்கள். இதை எழுதியவர்கள் ஒரு நட்சத்திரம் கொடுத்துக் கோபித்துக்கொண்டு போனவர்கள் அல்லர். மூன்றும் நான்கும் கொடுத்துவிட்டு, தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள். ஒருவர் குறையைச் சொல்வது ஒரு சான்று என்றால், அதைச் சமாளிக்கத் தினமும் பாடுபடுவது அதனினும் பெரிய சான்று.

கையால் செய்து பார்த்தது

படித்ததை நம்பி நின்றுவிடாமல் நான்கு செயலிகளையும் நிறுவி, ஒரே சோதனையை நான்கிலும் செய்தோம். ஒரு வீடு, நாளுக்கு 1 லிட்டர், 30 நாள் மாதம், லிட்டர் 52 ரூபாய், 15ஆம் தேதி முதல் 56 ரூபாய். சரியான கணக்கு இது: முதல் 14 நாளுக்கு 728 ரூபாய், அடுத்த 16 நாளுக்கு 896 ரூபாய், ஆக 1,624 ரூபாய்.

அ, ஆ, இ மூன்றும் 1,680 ரூபாய் என்று காட்டின. அதாவது 30 நாளுக்கும் 56 ரூபாய். விலை என்பதை வீட்டின் பெயரோடு ஒற்றை எண்ணாக அவை சேமித்து வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணை மாற்றினால், கடந்துபோன நாள்களும் புதுவிலையை உடுத்திக்கொள்கின்றன. ஒரு வீட்டுக்கு 56 ரூபாய் மிகுதி. நாள்காட்டியில் பாலைக் குறித்து வைத்திருக்கும் இல்லத்தரசி இதைக் கண்டுபிடிக்காமல் இருப்பாரா?

'ஈ' என்ற செயலி மட்டும் 1,624 என்று சரியாகக் காட்டியது. அது அந்தந்த நாளின் தொகையை அன்றன்றே எழுதி வைக்கிறது. ஆனால் அதற்காக நாள்தோறும் ஒவ்வொரு வீட்டையும் தொட்டுப் பதிய வேண்டும். சித்தப்பாவின் 48 வீடுகளுக்கு மாதம் 1,440 பதிவுகள்! மற்ற மூன்றிலோ வழக்கமான அளவை ஒருமுறை சொல்லிவிட்டு, மாறிய நாளை மட்டும் குறித்தால் போதும். உழைப்புக் குறைந்த செயலியில் கணக்குத் தப்புகிறது. கணக்குச் சரியான செயலியில் உழைப்பு மிகுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் எங்கள் இடைவெளி இருந்தது. விமர்சனம் மட்டும் படித்திருந்தால் பாதியைத்தான் அறிந்திருப்போம்.

விமர்சனம் சொல்லாதது

இடைவெளி கிடைத்தவுடன் ஐயுறவும் வேண்டும். யாருக்கும் வேண்டாததாலும் ஓர் இடம் காலியாக இருக்கலாமல்லவா? ஆகவே சித்தப்பாவிடமும் வேறு இரு பால்காரர்களிடமும் சென்று கேட்டோம். "விலை வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் மாறும்" என்றார் ஒருவர். எங்கள் முகம் வாடியது. அப்போது சித்தப்பா, "அந்த ஒரு மாசத்திலேதான்டா சண்டையே வரும்" என்றார். முந்தைய விலை ஏற்றத்தின்போது, நோட்டில் அவசரமாகக் கூட்டி, ஒரு வீட்டுக்கு மாதம் முழுவதற்கும் புதுவிலையைப் போட்டுவிட்டாராம். தவற்றை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தும், 11 ஆண்டுகளாகப் பால் வாங்கிய அந்த வீடு வேறு ஆளிடம் போய்விட்டது. இதை அவர் அதுவரை எங்கள் வீட்டில் சொன்னதில்லை.

இன்னொன்றையும் அங்கேதான் அறிந்தோம். காலையில் ஈரக் கையோடு யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை. மாலையில் அவர் சொல்லச் சொல்ல, சித்திதான் நோட்டில் எழுதுகிறார். எங்கள் செயலியைப் பயன்படுத்தப் போகிறவர் சித்தப்பா அல்லர், சித்தி! 480 விமர்சனங்களில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. செயலியை நிறுவியவர்களிலும் எழுதத் துணிந்தவர்களின் குரல் மட்டுமே விமர்சனத்தில் உண்டு. நிறுவாதவர்களும் எழுதாதவர்களும் அங்கே இல்லை.

எஞ்சிய மூன்று

இதற்குப் பிறகே வசதிகளைத் திட்டமிட்டோம். 14 மூன்றாகக் குறைந்தது. முதலாவது, விலையை "இந்தத் தேதி முதல்" என்ற குறிப்போடு சேமித்தல். பழைய விலை அழியாது, கொடுத்து முடித்த ரசீதும் மாறாது. இரண்டாவது, வழக்கத்திலிருந்து மாறிய நாளை மட்டும், மாலையில் ஒரே திரையில் பதிதல். மூன்றாவது, ரசீதில் இரண்டு விலைகளையும் தனித்தனி வரியாகக் காட்டுதல். நாள்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்க்கு மொத்தத் தொகை மட்டும் போதாது. கணக்கைச் சேமித்து மீட்கும் வசதியும் உண்டு. ஆனால் அதைச் சிறப்பென்று எண்ணவில்லை.

பேராசிரியை இந்தப் பட்டியலையும் பார்த்து, "இவற்றை யார் கேட்டார்கள்?" என்று மறுபடியும் கேட்டார். இம்முறை 19 விமர்சனங்களின் தேதிகளையும், நான்கு செயலிகளின் விடைகளையும், சித்தியின் நோட்டையும் அவர் முன் வைத்தோம். அவர் நோட்டைத்தான் முதலில் எடுத்துப் புரட்டினார்.