காலம் நீட்டிக் கேட்ட கடிதம்

குறித்த நாளில் ஒரு பணியை முடிக்க இயலாதபோது, அப்பணியை இட்டவருக்கு அதனை அறிவித்துச் சிறிது காலம் நீட்டித் தருமாறு வேண்டுதல் உண்டு. இவ்வாறு எழுதும் கடிதம் அளவில் சிறியது. ஆயினும் எழுதுதற்கு எளியதன்று. காரணம் கூறுவது ஒன்று, சாக்குக் கூறுவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை, கோயமுத்தூரில் வணிகவியல் பயின்ற மாணவி ஒருத்தி எழுதிய கடிதத்தின் வாயிலாகக் காண்போம்.

அம்மாணவி பவானிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரினள். அவள் தந்தையார் மஞ்சள் பயிரிடும் உழவர். சந்தையியல் பாடத்தின் ஒரு பகுதியாக, ஒவ்வொரு மாணவரும் கொங்கு நாட்டு விளைபொருள் ஒன்று எவ்வாறு விற்பனையாகிறது என்பதை நேரில் கண்டு அறிக்கை எழுதல் வேண்டும் என்று விரிவுரையாளர் பணித்திருந்தார். ஒருவர் பொள்ளாச்சித் தேங்காயை எடுத்துக்கொண்டார். மற்றொருவர் பருத்தியை எடுத்துக்கொண்டார். இவள் தான் பிறந்த மண்ணின் பொருளாகிய ஈரோட்டு மஞ்சளைத் தேர்ந்தாள். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. அறிக்கையை ஜனவரி 22ஆம் நாள் காலை 10 மணிக்குள் அளித்தல் வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி மீளத் திறக்கும் நாளும் அதுவே.

மஞ்சள் விற்பனை நடைபெறும் முறையைச் சிறிது அறிந்தால்தான் அவளுக்கு நேர்ந்த இடையூறு விளங்கும். வெட்டி எடுத்த மஞ்சளை உழவர் வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, மெருகேற்றி, விரலி என்றும் கிழங்கு என்றும் பிரித்து மூட்டைகளாக விற்பனைக் கூடத்திற்குக் கொணர்வர். வணிகர்கள் ஒவ்வொருவர் சரக்கின் மாதிரியையும் பார்த்துத் தாம் தரக்கூடிய விலையைக் குறிப்பர். உயர்ந்த விலை குறித்தவருக்கு, உழவர் இசைந்தால், அச்சரக்கு விற்கப்படும். விலை குவிண்டாலுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். பெரும்பாலும் விரலி கிழங்கினும் கூடுதலான விலை பெறும்.

பொங்கலுக்கு முன்பு ஏலத்திற்கு வருவது பெரும்பாலும் இருப்பில் வைத்திருந்த பழைய மஞ்சள். பொங்கலுக்குப் பின்னரே புது மஞ்சள் சிறிது சிறிதாக வரத் தொடங்கும். பழையதும் புதியதும் ஒரே விலைக்குப் போவதில்லை. ஆதலின், பொங்கலுக்கு முன் இரண்டு நாளும் பின் இரண்டு நாளும் ஏலத்தைக் கண்டு, அவ்விலைகளை ஒப்பிட வேண்டும் என்று அவள் திட்டமிட்டாள். ஜனவரி 8, 9 ஆகிய நாட்களின் விலைகளைக் குறித்துக்கொண்டாள். பின்னர் 17ஆம் நாளும் 20ஆம் நாளும் கண்டு, 21ஆம் நாள் முழுதும் இருந்து எழுதி முடிப்பது அவள் எண்ணம்.

17ஆம் நாள் காலையில் விற்பனைக் கூடத்திற்குச் சென்றபோது கதவு அடைத்திருந்தது. பொங்கலை முன்னிட்டு ஏலம் இல்லை என்றும், 20ஆம் நாள் முதல் வழக்கம்போல் நடைபெறும் என்றும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஒரு நாள் ஏலம் தவறியதால் அவளுடைய கணக்கு முழுதும் தவறியது. 20, 21 ஆகிய இரு நாட்களும் ஏலத்திலேயே கழியும். எழுதுவதற்கென ஒதுக்கிய நாள் இல்லாமற் போயிற்று.

வீடு திரும்பியதும் அவள் ஒரு கடிதம் எழுதினாள். வீட்டில் பண்டிகை வேலை மிகுதி என்றும், இரண்டு நாள் உடல்நலம் குன்றியிருந்தது என்றும், மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டது என்றும், சந்தையும் மூடியிருந்தது என்றும் அதில் எழுதியிருந்தாள். “தாங்கள் கருணை கூர்ந்து சில நாட்கள் அவகாசம் தர வேண்டும்” என்று முடித்திருந்தாள். அதனைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினாள்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “அம்மணி, மூட்டையின் மேற்புறம் நல்ல விரலியைப் பரப்பி, அடியில் தூளும் உடைசலும் போட்டுக் கொண்டுவருவோர் உண்டு. வணிகர் மூட்டையைச் சாய்த்துக் கொட்டிப் பார்ப்பார். அடியில் இருப்பது தெரிந்துவிட்டால் மேலே இருந்த நல்ல சரக்குக்கும் விலை போகாது. உன் கடிதத்தில் நல்ல சரக்கு எது?” என்று வினவினார்.

“சந்தை மூடியிருந்தது ஒன்றுதான், அப்பா” என்றாள் அவள்.

“அப்படியாயின் அதனை மட்டும் கொண்டுபோ” என்றார் அவர்.

உழவர் கூறியது கடிதக் கலைக்கும் பொருந்துவதே. நான்கு காரணங்கள் கூறினால் நான்கு மடங்கு வலிமை உண்டாகும் என்று பலர் கருதுவர். உண்மையில் வலிவற்ற மூன்றும் வலிவுள்ள ஒன்றனையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். சந்தை மூடியிருந்ததை எவரும் கேட்டு அறியலாம். விற்பனைக் கூடத்தில் ஏலம் நடந்த நாட்களும், வரத்தும், விலையும் பதிவாகின்றன. மின்தடையையோ உடல்நலக் குறைவையோ அவ்வாறு அறிய இயலாது. அன்றியும், அவை இல்லாதிருந்தாலும் அறிக்கை தாமதமாகவே ஆகியிருக்கும். ஒரு காரணத்தை நீக்கிப் பார்த்தபின்னும் தாமதம் அவ்வாறே இருக்குமாயின், அது காரணமன்று, சாக்கே ஆகும். ‘சில நாட்கள்’ என்பதும் குறையே. இரண்டு நாளா, பத்து நாளா என்பதை அறியாமல் விரிவுரையாளர் எவ்வாறு இசைவு தருவார்?

இவற்றை எண்ணிப் பார்த்த மாணவி, எத்தனை நாள் தேவை என்பதை முதலில் கணக்கிட்டாள். 20, 21 ஆகிய நாட்களில் ஏலம் காண வேண்டும். 22, 23 ஆகிய நாட்கள் கல்லூரி நாட்கள். மாலைப் பொழுது மட்டுமே கிடைக்கும். இழந்த ஒரு முழு நாளுக்கு ஈடாக அவ்விரண்டு மாலைகளும் வேண்டும். ஒரு மாலையில் பட்டியல் அமைத்துச் சராசரி காணலாம். மறு மாலையில் ஒப்பிட்டு எழுதலாம். ஆகவே 24ஆம் நாள் மாலை அளித்தல் இயலும். அவள் அன்றே புதிதாக எழுதி, மின்னஞ்சல் வழியே அனுப்பிய கடிதம் இது:

பொருள்: மஞ்சள் விற்பனை அறிக்கையை ஜனவரி 24ஆம் நாள் அளிக்க இசைவு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 22ஆம் நாள் காலை 10 மணிக்குள் அளிக்க வேண்டிய மஞ்சள் விற்பனை அறிக்கையை, 24ஆம் நாள் மாலை 4 மணிக்குள் அளிக்க இசைவு தருமாறு வேண்டுகிறேன்.

பொங்கலுக்கு முன்னும் பின்னும் இவ்விரண்டு நாள் ஏல விலைகளை ஒப்பிடுவது என் அறிக்கையின் நோக்கம். 17ஆம் நாள் ஏலம் காணச் சென்றபோது, விற்பனைக் கூடம் 20ஆம் நாள்தான் திறக்கும் என அறிந்தேன். அறிவிப்பின் நிழற்படத்தை இணைத்துள்ளேன். அன்று ஏலம் உண்டா என்பதை முன்னரே கேட்டறியாதது என் கவனக்குறைவு.

அறிக்கையின் ஆறு பகுதிகளுள் நான்கு முடிந்துள்ளன. பொங்கலுக்குப் பிந்திய விலைகளும் முடிவுரையும் மட்டுமே எஞ்சியுள்ளன. 20, 21 ஆகிய நாட்களில் விலைகளைக் குறித்து, 22, 23 மாலைகளில் எழுதி முடிப்பேன். முடிந்த நான்கு பகுதிகளையும் 22ஆம் நாள் காலையிலேயே தங்களிடம் அளிக்கிறேன்.

இசைவு தருதல் இயலாதாயின், பொங்கலுக்கு முந்திய விலைகளை மட்டும் கொண்டு அறிக்கையை முடித்து 22ஆம் நாளே அளிப்பேன். தங்கள் முடிவை 20ஆம் நாளுக்குள் அறிவித்தால் அதற்கேற்பப் பணியை அமைத்துக்கொள்வேன்.

தங்கள் பணிவுள்ள மாணவி.

இக்கடிதத்தின் அமைப்பை உற்று நோக்குதல் வேண்டும். வேண்டுகோள் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. அதில் பழைய நாளும் புதிய நாளும் மணியோடு குறிக்கப்பட்டுள்ளன. காரணம் ஒன்றே, அதற்குச் சான்றும் உடன் உள்ளது. சந்தை மூடியிருந்தது அவள் கையில் இல்லாத செயல். முன்னரே கேட்டறியாதது அவள் கையில் இருந்த செயல். இரண்டையும் அவள் பிரித்துக் காட்டினாள். பின்னதை மறைத்திருந்தால், “பண்டிகை விடுமுறை எதிர்பாராததா?” என்னும் வினா விரிவுரையாளர் உள்ளத்தில் எழுந்தே தீரும். குறையை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு அப்பாற் சென்றமையால் அவ்வினாவிற்கு இடமில்லாது போயிற்று. அதனையே நீட்டி வருந்தி எழுதியிருந்தால், அது இரக்கத்தைத் தேடும் கடிதமாக மாறியிருக்கும்.

முடிந்த பகுதிகளை முன்னரே அளிப்பதாகக் கூறியதும் கருதத்தக்கது. இரண்டு நாள் கேட்பவர் பணியைத் தொடங்கவே இல்லையோ என்னும் ஐயம் ஆசிரியருக்கு இயல்பாக எழும். நான்கு பகுதிகள் கைக்கு வந்துவிட்டால் அவ்வையம் நீங்கும். அவரும் திருத்தும் பணியைத் தொடங்கலாம். இசைவு கிடைக்காவிடில் செய்யப்போவதையும் எழுதியதால், மறுக்கும் உரிமை விரிவுரையாளருக்கு இருக்கிறது என்பதை அவள் மதித்தாள்.

எல்லாவற்றினும் முதன்மையானது, கடிதம் எழுதிய நாள். இடையூறு 17ஆம் நாள் தெரிந்தது. கடிதமும் அன்றே சென்றது. இதே சொற்களை 22ஆம் நாள் காலையில் எழுதியிருந்தால், அது வேண்டுகோளாக இராது. நடந்துவிட்ட தவற்றுக்கு விளக்கமாக மட்டுமே இருந்திருக்கும். நாள் கடந்தபின் ஆசிரியர் மன்னிக்கலாம், அல்லது மறுக்கலாம். வேறு ஏற்பாடு செய்ய அவருக்கு இடமில்லை.

விரிவுரையாளர் மறுநாளே விடை எழுதினார். முடிந்த பகுதிகளை 22ஆம் நாள் அளித்தல் வேண்டும் என்னும் உறுதிப்பாட்டோடு, 24ஆம் நாள் வரை இசைவு தந்தார். சந்தை மூடியதால் இவ்வாறே இடர்ப்பட்ட பிற மாணவர்க்கும் அவ்விரண்டு நாள் உண்டு என்று அறிவித்தார். ஒருவருக்கு நீட்டும் காலம், நாள் தவறாது அளித்த ஏனையோருக்கு அநீதி ஆகாதிருத்தல் வேண்டும் அன்றோ? சரிபார்க்கத்தக்க காரணம் கூறப்பட்டதனால்தான் அதனை அனைவர்க்கும் பொதுவாக்க அவரால் இயன்றது. வீட்டு வேலையும் மின்தடையும் கூறப்பட்டிருந்தால் அவ்வாறு செய்திருக்க முடியாது.

24ஆம் நாள் மாலை 4 மணிக்கு முன்னர் அறிக்கை விரிவுரையாளர் மேசைக்குச் சென்று சேர்ந்தது. பழைய மஞ்சளின் விலையும் புது மஞ்சளின் விலையும் அதில் அடுத்தடுத்த பட்டியல்களில் இடம்பெற்றிருந்தன.

பயிற்சி

1. மாணவி முதலில் எழுதிய கடிதத்தில் இருந்த குறைகள் யாவை?
2. காரணத்தையும் சாக்கையும் எவ்வாறு பிரித்தறியலாம்?
3. இசைவு கிடைக்காவிடில் செய்யப்போவதை மாணவி எழுதியது ஏன்?
4. பொள்ளாச்சித் தேங்காய் விற்பனையைப் பற்றி எழுதும் மாணவர் ஒருவர், தொடர் மழையால் ஒரு நாள் ஏலத்தைக் காண இயலவில்லை. அவர் விரிவுரையாளருக்கு எழுதும் கடிதத்தைப் பத்து வரிகளில் எழுதுக.