பாப்பாவுக்கு ஒரு நோட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. சூப்பர்வைசர் எப்போது பார்த்தாலும் உன்னையே திட்டுகிறார், இனி மில்லுக்குப் போக மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். போவதா நிற்பதா என்பதைப் பிறகு பேசுவோம். 'எப்போது பார்த்தாலும்' என்ற வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம். அது உண்மையா, போன வாரத்துக் கோபமா என்று உனக்கே தெரியாது. எனக்கும் தெரியாது.

ரிங் பிரேமில் நூல் அதிகமாக அறுகிறது என்று சைடர் சொன்னால் நாங்கள் உடனே மிஷினைப் பிரித்துப் போட்டுவிட மாட்டோம். ஒருவர் காகிதமும் கடிகாரமுமாகப் பிரேம் முன்னால் நிற்பார். எந்த ஸ்பிண்டிலில், எத்தனை மணிக்கு அறுந்தது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார். 1200 ஸ்பிண்டில் உள்ள பிரேமில் ஒரு மணி நேரத்தில் 24 தடவை அறுந்தால், 100 ஸ்பிண்டிலுக்கு மணிக்கு 2 என்று கணக்கு. அந்த 24-ம் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்தால் பஞ்சு சரியில்லை, அல்லது கூடத்தில் ஈரப்பதம் குறைந்துவிட்டது என்று பார்ப்போம். அதில் 9 தடவை அதே மூன்று ஸ்பிண்டிலில் அறுந்திருந்தால் பஞ்சைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மூன்றின் டிராவலர், ஏப்ரன், டேப் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரக் கணக்கும் போதாது. டாஃப் ஆரம்பிக்கும்போது நூல் அதிகமாக அறுவது வழக்கம் என்பதால் ஒரு டாஃப் முழுக்க நிற்க வேண்டும்.

மனிதர் விஷயத்திலும் இதையேதான் செய்யச் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் உள்ள தேதிகளைப் பார்த்தேன். நீ சொன்ன நான்கு சம்பவமும் ஆடிப்பூரத் தேர் வாரத்தில் நடந்தவை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பாதிப் பேர் அந்த வாரம் லீவு. இருக்கிறவர்கள் தலையில் கூடுதல் சைடு விழும், அறுந்த நூலைக் கட்ட நேரம் இருக்காது, சூப்பர்வைசர் எல்லோரிடமும் கத்துவார். அது மோசமான வாரமாக மட்டுமே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நோட்டு போடாமல் கண்டுபிடிக்க முடியாது.

எட்டு வருடத்துக்கு முன் நான் இருந்த மில்லில் ஒரு சைடர் பெண் என்னிடம் வந்து இதே மாதிரி சொன்னாள். வேலை நெருக்கடிதானே, பொறுத்துக்கோம்மா என்றேன். அந்த இடத்தில் நான் தப்பு செய்தேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தாள். அப்போதுதான் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கொடுத்தேன். அவள் எழுதிய முதல் வரி 'இன்று ரொம்ப மோசமாகப் பேசினார்' என்பது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுது என்றேன்: 'செவ்வாய், முதல் ஷிப்ட், காலை 11.20. பாபின் ஸ்டோர் வாசல். அவர் சொன்னது:' என்று எழுதி, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே, கூசினாலும் அப்படியே. பிறகு யார் பக்கத்தில் இருந்தார்கள், நீ என்ன சொன்னாய். அவ்வளவுதான். அவர் ஏன் அப்படிப் பேசினார் என்ற ஆராய்ச்சி வேண்டாம். எழுதியே தீர வேண்டும் என்று தோன்றினால் பின்பக்கத்தில் தனியாக எழுது.

இன்னொன்றும் சொன்னேன். ஒன்றும் நடக்காத நாளையும் குறி. 'அவர் டூட்டியில் இருந்தார், ஒன்றும் இல்லை' என்று ஒரு வரி போதும். பெரும்பாலானவர்கள் விடுவது இதைத்தான். 11 சம்பவம் என்றால் எத்தனை நாளில் 11 என்று தெரியாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

ஆறு வாரம் கழித்து இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். வேலை நாள் 36. அந்த மனிதர் அவள் ஷிப்டில் இருந்தது 18 நாள். சம்பவம் 11, அதில் 10 அந்த 18 நாளுக்குள். ஒன்று மட்டும் வேறொருவர் போட்ட சத்தம். அந்தப் பத்தில் 8 பாபின் ஸ்டோர் பக்கம், வேறு யாரும் இல்லாத நேரம். அவள் பிரேமின் அறுந்த கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். அந்த நாட்களில் நூல் கூடுதலாக அறுந்திருக்கவில்லை. வேலை நெருக்கடி என்ற என் விளக்கம் அதோடு போயிற்று. மூன்று ஸ்பிண்டில் கதை மாதிரி இடம் தெளிவாகத் தெரிந்தது.

அவர் பேசியதெல்லாம் இரட்டை அர்த்தப் பேச்சு. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தேதி எழுதாமல் 'தேருக்கு முன்னாடியா பின்னாடியா' என்று யோசித்துக்கொண்டிருந்தால் இந்தக் கெடு கண்ணெதிரே போய்விடும். புகார் ஆறு பிரதி வேண்டும், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. நோட்டில் 'யார் பக்கத்தில் இருந்தார்கள்' என்று எழுதச் சொன்னது இதற்கும்தான். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். குழுவில் அவள் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். அந்த மனிதரை மில்லை விட்டு அனுப்பினார்கள். நோட்டு மட்டும் போதவில்லை. இரண்டு சம்பவத்தைத் தூரத்திலிருந்து பார்த்த ஒருத்தி வந்து சொன்னதுதான் பலம் சேர்த்தது.

சின்ன விஷயங்கள் சில. பேனாவில் எழுது. பக்கத்துக்கு எண் போடு. தப்பாகிப் போனால் கிழிக்காதே, ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சரியாக எழுது. கிழித்த பக்கம் எதிராளிக்குக் கிடைத்த லாபம். அன்றைக்கு ராத்திரிக்குள் எழுதிவிடு. மூன்று நாள் கழித்து எழுதினால் 'மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்' என்று சேர்த்து எழுது. நோட்டை மில் லாக்கரில் வைக்காதே. வீட்டில் அம்மாவின் அரிசிப் பானைக்குப் பின்னால் வை, அங்கே கை வைக்க யாருக்கும் தைரியம் வராது.

உன் சூப்பர்வைசர் மற்ற சைடர்களைத் திட்டியதையும் எழுது. நாலு வாரத்தில் எல்லோரும் சமமாக வாங்கியிருந்தால், அந்த மனிதருக்கு வாய் கெட்டது, உன் மேல் தனிப் பகை இல்லை. அதற்கு மேனேஜரிடம் எல்லோரும் சேர்ந்து போவதுதான் வழி. உனக்கு மட்டும் என்றால் வேறு வழி.

ஆனால் ஒன்று. யாராவது உன் மேல் கை வைத்தால், வழியை மறித்தால், எண்ணிக்கொண்டு உட்காராதே. அதற்கு ஒரு தடவையே போதும். அன்றைக்கே எனக்குப் போன் செய், அல்லது 181-க்கு அடி.

தேர் வாரத்தை முதல் பக்கத்தில் ஞாபகத்திலிருந்து எழுதி, 'ஞாபகத்திலிருந்து' என்று குறித்துவிடு. நாளையிலிருந்து அன்றன்றைக்கு எழுது. நாலாவது ஞாயிறு ராஜபாளையம் வா, நோட்டோடு வா, அத்தை சமைப்பாள். பால்கோவா வாங்கி வராதே. எனக்குச் சர்க்கரை 240-ல் நிற்கிறது.

அன்புடன்,
மாமா