கிடங்கு–கடை தூரப் பட்டியல்: இலவச வரம்புக்குள் முடிக்கச் சில குறிப்புகள்

1. முதலில் பெருக்கிப் பாருங்கள். திருச்சி வட்டாரத்தில் 12 கிடங்குகளும் 200 கடைகளும் இருந்தால் பட்டியலில் 2,400 கட்டங்கள். கூகுள் எத்தனை தடவை கேட்டோம் என்று எண்ணுவதில்லை, எத்தனை கட்டங்கள் நிரம்பின என்றுதான் எண்ணுகிறது. கூகுளின் பழைய டிஸ்டன்ஸ் மேட்ரிக்ஸ் சேவையில் ஒரு தடவைக்கு 100 கட்டங்கள்வரைதான் கேட்கலாம். புறப்படும் இடங்களோ சேருமிடங்களோ 25-ஐத் தாண்டக்கூடாது.

2. எல்லாக் கிடங்கிலிருந்தும் எல்லாக் கடைக்கும் தூரம் தேவைப்படாது. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்கோட்டுத் தூரத்தை எக்செல்லிலேயே காசில்லாமல் கணக்கிடுங்கள். ஒவ்வொரு கடைக்கும் அருகிலுள்ள 3 கிடங்குகளை மட்டும் வைத்துக்கொண்டால் 2,400 என்பது 600 ஆகிவிடும். ஆனால் காவிரி, கொள்ளிடத்துக்கு மறுகரையிலுள்ள கடைகளுக்கு 5 கிடங்குகளாவது எடுங்கள். நேர்கோட்டில் பக்கமாகத் தெரியும் கிடங்குக்குப் பாலம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.

3. இந்த 600-ஐக் கேட்கும்போது கிடங்குவாரியாகப் பிரியுங்கள். ஒரு கிடங்கு, அதற்கு வாய்ப்புள்ள 25 கடைகள் என்று ஒரு தடவைக்குக் கேளுங்கள். நான்கைந்து கிடங்குகளைச் சேர்த்துக் கேட்டால், நீங்கள் கழித்த கட்டங்களும் திரும்ப உள்ளே வந்து கணக்கில் ஏறிவிடும்.

4. போக்குவரத்து நெரிசலையும் சேர்த்துக் கேட்டால் கட்டண வகையே மாறிவிடும். எந்தக் கிடங்கு எந்தக் கடைக்கு என்று பிரிக்க மட்டும்தான் என்றால் நெரிசல் விவரம் வேண்டாம். கணக்குப் பக்கத்தில் தினசரி வரம்பையும் நீங்களே குறைத்து வையுங்கள்.

5. பட்டியலைச் சேமித்து மாதக்கணக்கில் பயன்படுத்த கூகுளின் விதிமுறைகள் இடம்தராது. அப்படித் தேவைப்படுபவர்களுக்கு ஓஎஸ்ஆர்எம் என்னும் இலவச மென்பொருளே சரியான வழி. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தென்னிந்தியப் பகுதியை ஜியோஃபேப்ரிக் தளத்திலிருந்து இறக்கி, அதைப் பயன்படுத்தி உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். ஒரு கிடங்கு, இரண்டு கடைகளுக்கு இப்படிக் கேட்க வேண்டும்:

```
http://localhost:5000/table/v1/driving/78.70,10.79;78.69,10.86;78.75,10.80?sources=0&destinations=1;2&annotations=distance,duration
```

தூரம் மீட்டரிலும் நேரம் விநாடியிலும் வரும். `TooBig` என்று பதில் வந்தால், சர்வரைத் தொடங்கும்போது `--max-table-size` எண்ணைக் கூட்டுங்கள்.

6. ஓஎஸ்ஆர்எம்மில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. கூகுளில் நேர்மாறு. மாற்றிப் போட்டால் திருச்சிக் கடை ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும், ஆனாலும் ஏதோ ஓர் எண் வந்துவிடலாம். அதனால் பதிலில் `sources`, `destinations` பகுதிகளில் உள்ள `distance` எண்ணைப் பாருங்கள். நீங்கள் தந்த புள்ளிக்கும் அது பிடித்துக்கொண்ட சாலைக்கும் உள்ள இடைவெளி அது. சில பத்து மீட்டர் என்றால் சரி. நூற்றுக்கணக்கில் இருந்தால் கடையின் புள்ளியைத் திருத்துங்கள். `null` வந்த கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள், அங்கே வழி கிடைக்கவில்லை என்று பொருள்.

7. போகும் தூரத்தையே திரும்பும் தூரமாக வைத்துக் கட்டங்களைப் பாதியாக்குவதை நகருக்குள் செய்யாதீர்கள். ஒருவழிப் பாதைகளில் இரண்டும் ஒன்றாக இருக்காது.